எண்ணெயைக் குறைக்கிறோம், சரி. கேரட்டிலும் தக்காளியிலும் குறைக்கலாமா?

போன வருஷம் அப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை எடுத்ததில் கொழுப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. எண்ணெயைக் குறையுங்கள், ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டார். முதலில் கை வைத்தது கேரட் பொரியலிலும் தக்காளிக் கடைசலிலும்தான். பொரியல் போய், உப்பு போட்டு வேகவைத்த கேரட் துண்டுகள் வந்தன. காலையில் வெறும் வயிற்றில் வடிகட்டிய கேரட் ஜூஸ் ஒரு டம்ளர். தக்காளி வட்டவட்டமாக நறுக்கி, மிளகுத்தூள் தூவி, பச்சையாகத் தட்டில். வாரம் ஒன்றரைக் கிலோ கேரட் வாங்க ஆரம்பித்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வடையும் சாயங்கால அப்பளமும் மட்டும் அப்படியே நடந்தன.

நான் உணவு அறிவியல் படித்தவன் என்பதால் இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எண்ணெயைக் குறைப்பது சரிதான், ஆனால் குறைக்கக் கூடாத இடம் என்று வீட்டுச் சமையலில் ஏதாவது இருக்குமானால் அது இந்த இரண்டு காய்கள்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேரட்டுக்கும் தக்காளிக்கும் நாலு பேருக்கு ஆளுக்கொரு டீஸ்பூன் கணக்கில் எண்ணெயை விட்டுவைத்து, வடையிலும் அப்பளத்திலும் குறைப்பதுதான் நல்லது. ஏன் என்று ஒவ்வொரு வழியாக வைத்துப் பார்க்கலாம்.

கேரட்டின் ஆரஞ்சு நிறம்தான் பீட்டா கரோட்டின். தக்காளியின் சிவப்பு நிறம் லைகோபீன். இரண்டும் உறவுக்காரர்கள், கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும், லைகோபீனை அப்படி மாற்ற முடியாது, அது நிறமியாகவே இரத்தத்தில் சுற்றும். இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம், தண்ணீரில் கரையவே கரையாது, எண்ணெயில் மட்டும்தான் கரையும். கேரட்டை வெறும் தண்ணீரில் வேகவைத்தால் தண்ணீரில் நிறம் அவ்வளவாக இறங்காது. அதே கேரட்டை எண்ணெயில் வதக்கினால் வாணலியின் ஓரத்தில் எண்ணெய் மஞ்சள் ஆரஞ்சாக நிற்கும். தக்காளித் தொக்கில் மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெயில் மிளகாய்த்தூளின் நிறத்தோடு லைகோபீனும் சேர்ந்துதான் இருக்கிறது.

இந்தச் சத்து உடம்பில் சேர இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவு காயின் செல் சுவர். கேரட்டில் கரோட்டின் சின்னச் சின்னப் படிகங்களாக செல்லுக்குள் அடைந்து கிடக்கிறது, தக்காளியில் லைகோபீனும் படிகங்களாகத்தான். நம் வயிறு நார்ச்சத்தைச் செரிக்காது, ஆகவே சுவர் உடையாத செல் உள்ளே இருப்பதைக் கொடுக்காமலே கடைசிவரை போய்விடும். இரண்டாவது கதவு குடல். செல்லை விட்டு வெளியே வந்த நிறமி ஏதாவது கொழுப்பில் கரைந்திருந்தால்தான், பித்தநீர் அந்தக் கொழுப்பை நுண்ணிய திவலைகளாக உடைக்கும்போது அதோடு சேர்ந்து குடல் சுவருக்குள் நுழையும். சாப்பாட்டில் கொழுப்பே இல்லையென்றால் பித்தநீரும் பெரிதாகச் சுரக்காது, சத்து ஏறிப் போக வண்டியும் இல்லை. முதல் கதவைத் திறப்பது வெட்டுவது, அரைப்பது, வேகவைப்பது. இரண்டாவதைத் திறப்பது எண்ணெய். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டால் பாதி வேலைதான் ஆகும்.

கேரட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் கேரட்டை வயிறும் குடலும் செய்வதுபோல ஆய்வகத்தில் செரிக்கவைத்து, எவ்வளவு கரோட்டின் வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். பச்சைத் துண்டுகளிலிருந்து 3 சதவீதம்தான் வந்தது. அதே பச்சைக் கேரட்டை விழுதாக அரைத்தபோது 21. அந்த விழுதை வேகவைத்தபோது 27. வேகவைத்ததில் சமையல் எண்ணெய் சேர்த்தபோது 39. இந்த நாலு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் வீட்டு வழிகள் எல்லாவற்றையும் எடைபோட்டுவிடலாம். இது கண்ணாடிக் குடுவையில் பார்த்தது, இரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்பதற்கு நேர் கணக்கில்லை. ஆனாலும் எந்தப் படி எவ்வளவு உதவுகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. மிகப்பெரிய தாவல் 3-இலிருந்து 21-க்கு, அதாவது சின்னதாக்குவதில். அதற்கு அடுத்தது எண்ணெய் சேர்ப்பதில். வெறுமனே வேகவைப்பது இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

இந்தக் கணக்கில் அம்மா செய்த வேகவைத்த கேரட் எங்கே நிற்கிறது பாருங்கள். அரை அங்குலத் துண்டுகள், பாதி வெந்தும் வேகாமலும், எண்ணெய் இல்லை. சின்னதாக்கவும் இல்லை, வண்டியும் இல்லை. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் கரோட்டின் போகாது, அது தண்ணீரில் கரையாதே, ஆனால் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் அதோடு போய்விடும். அப்பாவுக்கு அந்தத் துண்டுகள் பிடிக்கவும் இல்லை, பாதியைத் தட்டிலேயே வைத்துவிடுவார்.

கேரட் ஜூஸ் பலர் வீட்டிலும் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசலாம். அரைப்பதால் முதல் கதவு நன்றாகத் திறந்துவிடுகிறது, அந்த வகையில் துண்டைக் கடித்துச் சாப்பிடுவதைவிட மேல். ஆனால் வடிகட்டும்போது சக்கையில் நல்ல ஆரஞ்சு நிறம் தங்கிவிடுகிறது, அது அத்தனையும் கரோட்டின், குப்பைக்குப் போகிறது. அப்புறம் வெறும் வயிற்றில் குடிப்பதால் கூடவே கொழுப்பு ஒரு துளிகூட இல்லை. ஜூஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வடிகட்டாமல், இட்லி மிளகாய்ப்பொடி எண்ணெயோடு சாப்பிடும் நேரத்தில் குடித்தாலே கதை மாறிவிடும். அல்லது கேரட்டை வேகவைத்து அரைத்து 150 மில்லி பாலில் கலந்தால், சாதாரணப் பாக்கெட் பாலிலேயே நாலைந்து கிராம் கொழுப்பு இருக்கிறது, தனியாக எண்ணெயே தேவைப்படாது. குழந்தைகளுக்கு இதுதான் எளிது.

பச்சையாகத் துருவிய கேரட் கோசம்பரி நான் நினைத்ததைவிட நல்ல வழி. துருவுவது செல்களை நிறைய உடைக்கிறது. மேலே தேங்காய்த் துருவலும் கடுகு தாளித்த எண்ணெயும் விழுவதால் வண்டியும் வந்துவிடுகிறது. அதே கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி உப்பு தொட்டுச் சாப்பிட்டால் பல்லுக்கு நல்ல வேலை, கரோட்டினுக்குப் பெரிய பயனில்லை. மென்று தின்பதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, பல் செட் வைத்திருப்பவர்கள் பெரிய துண்டுகளாகவே விழுங்குவார்கள். அப்பா அப்படித்தான்.

பொரியலுக்கு வருவோம். எங்கள் வீட்டில் நாலு பேருக்குக் கால் கிலோ கேரட். தோலைச் சீவாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பெரிய துளையில் துருவிக்கொள்கிறோம், அல்லது உளுந்து அளவுக்குப் பொடியாக நறுக்குகிறோம். வாணலியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. கேரட்டைப் போட்டு ஒரு நிமிடம் எண்ணெய் எல்லாத் துருவலிலும் படும்படி புரட்ட வேண்டும், இந்த ஒரு நிமிடத்தை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. அப்புறம் உப்பு, இரண்டு மூன்று மேஜைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சின்னத் தீயில் ஏழெட்டு நிமிடம். விரலால் நசுக்கினால் எதிர்க்காமல் நசுங்க வேண்டும், நடுவில் நறுக்கென்று இருந்தால் செல் சுவர் இன்னும் இளகவில்லை என்று அர்த்தம். மூடியைத் திறந்து தண்ணீர் வற்றியதும் வாணலி ஓரத்தைப் பாருங்கள், எண்ணெய் பளிச்சென்று ஆரஞ்சாக இருக்கும். கரோட்டின் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கடைசியில் நாலு மேஜைக்கரண்டி தேங்காய்த் துருவல். தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதனால் அதிலும் ஆளுக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் சேர்கிறது.

இதை எண்ணில் வைத்துப் பார்த்தேன். நூறு கிராம் கேரட்டில் ரகத்தைப் பொறுத்து 5 முதல் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். ஆளுக்கு 60 கிராம் கேரட் வருகிறது, தோராயமாக 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பச்சைத் துண்டாகப் போனால் அந்த ஸ்வீடன் கணக்குப்படி வெளியே வருவது 0.12 மில்லிகிராம். அரைத்து, வேகவைத்து, எண்ணெயும் சேர்ந்தால் 1.5 மில்லிகிராமுக்கு மேல். பொரியல் விழுது இல்லை என்பதால் முழுதாக அந்த அளவுக்குப் போகாது, ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. வாரம் ஒன்றரைக் கிலோ வாங்கி ஜூஸ் பிழிவதைவிட முக்கால் கிலோ வாங்கிப் பொரியல் செய்வது உடம்புக்கும் லாபம், பைக்கும் லாபம் என்று அம்மாவிடம் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் சமையல் முறைகளையே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: கேரட், பூசணி, கீரை வகைகளைக் குக்கரில் வேகவைத்தும், திறந்த பாத்திரத்தில் வேகவைத்தும், கொஞ்சம் எண்ணெயில் வதக்கியும் ஒப்பிட்டார்கள். வேகவைத்ததும் பச்சையைவிட மேல்தான், ஆனால் அதிக ஏற்றம் எண்ணெயில் வதக்கியதில்தான் கிடைத்தது. கேரட்டுக்குச் சொன்னதெல்லாம் பரங்கிக்காய்க்கும் முருங்கைக்கீரைக்கும் பொருந்தும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

தக்காளிக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் இங்கே சமைப்பதன் பங்கு எவ்வளவு, எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகவே மனிதர்களிடம் அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஸ்டால், சீஸ் ஆகியோரின் குழு 1997-இல் ஒரு எளிய காரியம் செய்தது. பச்சைத் தக்காளி ஒரு பக்கம், தக்காளி விழுது ஒரு பக்கம். இரண்டிலும் லைகோபீன் ஒரே அளவு, 23 மில்லிகிராம். இரண்டோடும் கொடுத்த சோள எண்ணெயும் ஒரே அளவு, 15 கிராம். சாப்பிட்டபின் இரத்தத்தில் லைகோபீன் ஏறிய உச்சம் விழுது சாப்பிட்டபோது இரண்டரை மடங்கு. எண்ணெய் இரண்டிலும் சமம் என்பதால் இந்த வித்தியாசம் முழுக்கச் சூட்டாலும் அரைப்பாலும் வந்தது. கலந்துகொண்டவர்கள் சிலர்தான், ஆனாலும் பின்னால் வந்த வேலைகள் இதே திசையில்தான் போயின.

மறுபாதிக்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து, 2005-இல். இங்கே எல்லோருக்கும் சமைத்த தக்காளி. ஒரு கூட்டத்துக்கு ஆலிவ் எண்ணெயோடு சமைத்தது, இன்னொரு கூட்டத்துக்கு எண்ணெயில்லாமல் சமைத்தது, ஐந்து நாள். எண்ணெயோடு சாப்பிட்டவர்களுக்கு இரத்தத்தில் முக்கிய வகை லைகோபீன் 82 சதவீதம் ஏறியது. எண்ணெயில்லாமல் சாப்பிட்டவர்களுக்கு அந்த வகையில் சொல்லும்படி மாற்றமே இல்லை. இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் கதவுகள் இரண்டு என்று நான் சொன்னது புரியும்: எண்ணெய் ஊற்றிப் பச்சையாகச் சாப்பிட்டால் ஒரு கதவு மூடியிருக்கிறது, சமைத்து எண்ணெயில்லாமல் சாப்பிட்டால் இன்னொன்று.

சூடு லைகோபீனைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருப்பதை விடுவிக்கிறது, அவ்வளவுதான். அத்தோடு இன்னொரு வேலையும் செய்கிறது. பச்சைத் தக்காளியில் லைகோபீன் நீட்டு நீட்டான கம்பி வடிவத்தில் இருக்கும், அது ஒன்றோடொன்று அடுக்கிப் படிகமாவது எளிது. எண்ணெயோடு நெடுநேரம் கொதிக்கும்போது அதில் ஒரு பங்கு வளைந்த வடிவத்துக்கு மாறுகிறது, வளைந்தது அடுக்கிக்கொள்ளாது, திவலைக்குள் எளிதாகப் போய்விடும். தொக்கு சுருண்டு எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும் என்று பாட்டி சொன்னது கெட்டுப்போகாமல் இருப்பதற்காக, ஆனால் லைகோபீனுக்கும் அதுவேதான் சரியான பதம்.

இதை வைத்து நம் தக்காளிப் பண்டங்களைப் பார்த்தால், எனக்கு வருத்தம் தந்தது ரசம்தான். தக்காளியைக் கையால் பிசைந்து கரைத்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம், நெடுநேரம் கொதிக்கவிடுவதில்லை, விட்டால் ருசி கெடும். லைகோபீன் தண்ணீரில் கரையாது என்பதால் அது எல்லாம் தக்காளிச் சதையோடு அடியில் மண்டியாகத் தங்கிவிடுகிறது. வீட்டில் ரசம் ஊற்றும்போது கலக்காமல் தெளிவாக மேலே மொண்டு ஊற்றி, மண்டியைக் கடைசியில் பாத்திரத்தோடு கழுவிவிடுவது வழக்கம். அந்தத் தெளிவில் புளிப்பும் மிளகும் சீரகமும் இருக்கும், லைகோபீன் பெயருக்குத்தான். ரசம் குடிப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, லைகோபீனுக்காக என்றால் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்ற வேண்டும், தாளிப்பை நெய்யிலோ எண்ணெயிலோ மறக்காமல் போட வேண்டும்.

தொக்கு மறுகோடி. ஒரு கிலோ தக்காளிக்கு நூறு நூற்றைம்பது மில்லி எண்ணெய் ஊற்றி, கெட்டியாகும்வரை கிளறுகிறோம். லைகோபீனுக்கு இதைவிடத் தோதான பண்டம் நம் சமையலில் இல்லை. ஆனால் அந்த எண்ணெயில் பெரும்பகுதி பாதுகாப்புக்குப் போகிறது, உறிஞ்சப்படுவதற்கு அவ்வளவு தேவையில்லை, உப்பும் அதிகம். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் இதையே தினமும் தொட்டுக்கொள்ள வேண்டாம். கெச்சப்பிலும் லைகோபீன் நன்றாக விடுபட்டே இருக்கிறது, ஆனால் சர்க்கரையும் உப்பும் கூடவே வருகின்றன, அதைக் காயாக எண்ணிச் சாப்பிட முடியாது.

நான் கைகாட்டுவது நடுவில் இருக்கும் தக்காளிக் கடைசல். நாலு பேருக்கு நானூறு கிராம் பழுத்த தக்காளி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய், வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள்தூள். தக்காளியைத் தோலோடு நறுக்கிப் போட வேண்டும். தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் லைகோபீன் செறிவு அதிகம், வெந்நீரில் போட்டுத் தோலுரித்து வீசினால் நல்ல பங்கை வீசிவிடுகிறோம். உப்பு போட்டு மூடினால் பத்து நிமிடத்தில் அதன் நீரிலேயே குழைந்துவிடும். மத்தால் கடைந்து, இன்னும் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் சின்னத் தீயில் விட்டால் ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகத் தலைகாட்டும். அதோடு போதும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தக்காளியை 88 டிகிரியில் சூடாக்கிப் பார்த்தபோது, பிரித்தெடுக்கக் கிடைத்த லைகோபீன் கால் மணி நேரத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது, அரை மணி நேரம் வைத்தும் அதற்குமேல் ஏறவில்லை. கொதிக்கும் கடைசலே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், கருகக் கருக வதக்கத் தேவையில்லை. சிவப்பு மங்கிப் பழுப்பாக மாறினால் நிறமி சிதைகிறது என்று பொருள், அங்கே தீயை அணைத்துவிட வேண்டும். கேரட் சிப்ஸ் என்று எண்ணெயில் பொரித்தெடுப்பதிலும் இதே தவறுதான் நடக்கிறது.

எவ்வளவு எண்ணெய் என்பதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் நிஜமான பேச்சு நடந்தது. "கொஞ்சம் ஊத்தினா நல்லதுன்னா நிறைய ஊத்தினா ரொம்ப நல்லதா?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1980 வாக்கில் குழந்தைகளுக்குக் கீரையோடு கொழுப்பு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் 5 கிராமிலேயே நல்ல பலன் தெரிந்தது, 10 கிராமாக்கியதால் கூடுதலாக ஒன்றும் வரவில்லை. பிலிப்பைன்ஸில் 2007-இல் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு வேளைக்கு 2.4, 5, 10 கிராம் என்று மூன்று அளவுகளில் கொழுப்பு வைத்து, மஞ்சள் காய்களும் கீரையும் ஒன்பது வாரம் கொடுத்தார்கள். மூன்று கூட்டத்திலும் வைட்டமின் ஏ நிலை ஒரேபோல முன்னேறியது. இதற்கு மாறாக அமெரிக்காவின் அயோவாவில் 2004-இல் பச்சை சாலட்டில் கொழுப்பே இல்லாதது, 6 கிராம், 28 கிராம் என்று ஊற்றிப் பார்த்தபோது, கொழுப்பில்லாததில் கரோட்டின் வகைகள் ஏறக்குறைய ஏறவே இல்லை, 28 கிராமில் 6 கிராமைவிட அதிகம் ஏறியது.

இவை ஒன்றை ஒன்று அடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அயோவாவில் கொடுத்தது பச்சைக் காய், பார்த்தது ஒரே ஒரு வேளை. மற்ற இரண்டிலும் குழந்தைகள் பல நாள் சாப்பிட்டார்கள், கடைசியில் உடம்பில் வைட்டமின் ஏ எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்தார்கள். நம் வீட்டுக்குப் பொருந்துவது இரண்டாவது. ஆக, ஒரு வேளைச் சாப்பாட்டில் ஆளுக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தால் போதும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் நாலரை கிராம். பூஜ்யத்திலிருந்து ஒரு டீஸ்பூனுக்குப் போவதுதான் பெரிய மாற்றம், அதற்குமேல் ஊற்றுவது எண்ணெய்க் கணக்கைத்தான் ஏற்றும்.

இங்கே ஒன்று கவனியுங்கள், கணக்கு அந்த வேளைச் சாப்பாட்டுக்கு, அந்த ஒரு பண்டத்துக்கு இல்லை. பொரியலில் எண்ணெய் குறைவாக இருந்தாலும் பக்கத்தில் தேங்காய்ச் சட்னியோ, சாதத்தில் நெய்யோ, ஒரு முட்டையோ இருந்தால் அதுவும் வண்டிதான். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பச்சைக் காய் சாலட்டோடு மூன்று முட்டை சேர்த்துக் கொடுத்தபோது கரோட்டின் வகைகள் உடம்பில் ஏறியது மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை கூடியது. ஆகவே பச்சைக் காய் பிடித்தவர்கள் அதை விட வேண்டியதில்லை, பதினொரு மணிக்குத் தனியாகச் சாப்பிடுவதைச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினால் போதும். எந்த எண்ணெய் என்று கேட்பவர்களுக்கு: நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வீட்டில் எது இருக்கிறதோ அதுவே, இதற்காகத் தனியாக ஆலிவ் எண்ணெய் வாங்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி வந்தது. நாலு பேர், மாதம் இரண்டு லிட்டர். மதியம் பொரியலுக்கு இரண்டு டீஸ்பூன், கடைசலுக்கு இரண்டு டீஸ்பூன், ஆக நாளைக்கு 20 மில்லி, ஆளுக்கு ஒரு டீஸ்பூன். மாதம் 600 மில்லி. மீதி 1400 மில்லியில் தோசையும் தாளிப்பும் முடிய வேண்டும், முடிகிறது, வடைச் சட்டியை மாதம் ஒருமுறை மட்டும் ஏற்றினால். ஒரு வடை குடிக்கிற எண்ணெயில் ஒரு ஆளின் பொரியலும் கடைசலும் நடந்துவிடும் என்று அளந்து காட்டியபோதுதான் அம்மா ஒப்புக்கொண்டார்.

சமைப்பதால் போவது ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. வைட்டமின் சி சூட்டில் அழியும்; அதே கார்னெல் ஆய்வில் அரை மணி நேரத்தில் தக்காளியின் வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. அதற்காகத் தக்காளியைப் பச்சையாக வைக்க வேண்டியதில்லை, கொய்யாவும் நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதைச் சுலபமாக ஈடுகட்டும், ஆனால் அவற்றால் லைகோபீன் குறையை ஈடுகட்ட முடியாது. (சிவப்புக் கொய்யா மட்டும் விலக்கு, அதன் சிவப்பும் லைகோபீன்தான்.)

எண்ணெய் சேர்த்தும் பலனில்லாத ஆட்களும் இருக்கிறார்கள். பித்தநீர் சரியாக வராதவர்கள், கொழுப்பு செரிக்காமல் மலத்தில் போகிறவர்கள், எடை குறைக்கக் கொழுப்பைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், இவர்களுக்குப் பிரச்சினை வேறு இடத்தில், மருத்துவரிடம்தான் பேச வேண்டும். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொன்னவர்கள் தக்காளியைக் கேட்டுவிட்டே கூட்ட வேண்டும். கரோட்டினை மாத்திரையாக வாங்கிப் போடுவதும் இந்த வழிகளில் ஒன்று என்று யாராவது நினைத்தால், புகைபிடிப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதிக அளவு மாத்திரை கொடுத்த ஆய்வு 1994-இல் வெளியானபோது நுரையீரல் புற்றுநோய் கூடியதுதான் தெரிந்தது. காயாகச் சாப்பிடுவதற்கு அந்தப் பயம் இல்லை. மிஞ்சிப்போனால் உள்ளங்கை மஞ்சளாகும், கண்ணின் வெள்ளை மஞ்சளாகாது, காமாலையிலிருந்து பிரித்தறிய அதுதான் அடையாளம்.

வாங்குவதிலும் பாதி விஷயம் இருக்கிறது. லைகோபீன் பழுக்கப் பழுக்கத்தான் சேரும், காய்வெட்டுத் தக்காளியில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் இல்லாதது வராது. வெயில் 30 டிகிரிக்கு மேல் அடிக்கும்போது செடியில் லைகோபீன் உருவாவது தடைபடும், சித்திரை வைகாசியில் தக்காளி பழுத்தும் ஆரஞ்சு மஞ்சளாகவே இருப்பது அதனால்தான். அரைப்பழமாக வாங்கியதை ஃபிரிஜில் வைக்காதீர்கள், குளிரில் பழுப்பது நின்றுவிடும். கூடையில் இரண்டு மூன்று நாள் வெளியே விட்டுச் சிவந்த பிறகு சமையுங்கள். கேரட்டில் ஊட்டிக் கேரட்டோ டில்லிக் கேரட்டோ எதுவும் சரி. டில்லிக் கேரட்டின் சிவப்பில் லைகோபீனும் இருக்கிறது.

இப்போது மதியம் அப்பாவின் தட்டில் கேரட் துருவல் பொரியல் ஒரு கரண்டி, கடைசல் ஒரு கரண்டி. ரசத்தைக் கலக்கித்தான் ஊற்றுகிறோம். தட்டில் மீதி வைப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் கடைசல் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு எண்ணெய்க் கோடு நிற்கும், அதையும் கடைசிப் பிடி சாதத்தால் வழித்துச் சாப்பிடுங்கள் என்று அம்மாதான் இப்போது சொல்கிறார்.